தலை ஒரு மாடு, உடம்பு வேறு மாடு: போட்டோ பார்த்து கிர் பசு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வாட்ஸ்அப்பில் நாட்டு மாடு விலை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "அசல் கிர், இரண்டாம் ஈத்து, அமைதியான மாடு" என்று சொல்லி வெளிமாவட்டத் தரகர் ஒருவர் எங்களுக்கு அனுப்பியது கலப்பினப் பசு. விலை அறுபத்தைந்தாயிரம். இருபதாயிரம் முன்பணமாக ஜிபே, மீதி லாரி டிரைவர் கையில். லாரி ஆரல்வாய்மொழி தாண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது நல்ல இருட்டு. டிரைவருக்கோ அவசரம், மாட்டை இறக்கிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். காலையில் தொழுவத்துக்குப் போன என் அத்தான், "இதுக்கு நெத்தி எங்க?" என்றார்.

தரகருக்குப் போன் போட்டால், "அண்ணாச்சி, நீங்க போட்டோ பாத்துத்தானே ஓகே சொன்னீங்க?" என்கிறார். சரி, அந்தப் போட்டோக்களையே எடுத்து வைத்துப் பார்ப்போம். அவர் அனுப்பியவை நான்கு: முகம் மட்டும் ஒன்று, தீவனத் தொட்டியில் தலையை விட்டுத் தின்னும் மாட்டின் பக்கவாட்டுப் படம், பின்னாலிருந்து மடி, கடைசியாகக் கன்றுக்குட்டி. தலையும் திமிலும் சேர்ந்து தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முகப்படத்தில் இருப்பது கிர்தான், அதில் சந்தேகமில்லை. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்த இந்த இனத்துக்கு நெற்றி அகலமாக, முன்பக்கம் புடைத்து இருக்கும். அந்தப் புடைப்பு இருப்பதால் கொம்பு உச்சந்தலையில் நேராக முளைக்காமல் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளிக் கிளம்பும். முதலில் கீழே இறங்கிப் பின்னால் போகும், அப்புறம் வளைந்து மேலே ஏறி, நுனி உள்பக்கம் திரும்பும். காது நீளமாகச் சுருட்டிய வெற்றிலை மாதிரி தொங்கும். ஒழுங்காக வளர்ந்த கொம்பும் காதும் ஒரே படத்தில் தெரிந்தால் கிர் முகத்தை வேறு இனத்தோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. சாஹிவாலுக்குக் கொம்பு குட்டையாகத் தடித்து இருக்கும், காங்கேயத்துக்கு மேலே உயர்ந்து பின்னோக்கி வளையும். அதனால்தான் இந்த ஆட்கள் முகத்தை மட்டும் வேறொரு நல்ல மாட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

இனி அந்தப் பக்கவாட்டுப் படம். தலை தொட்டிக்குள் இருப்பதால் கொம்பு தெரியவில்லை, ஆனால் தோள்பட்டைக்கு மேலே மேடாக ஏதோ தெரிகிறது. திமில் என்று நினைக்க வைப்பது அதுதான். மாடு தலையைத் தாழ்த்தும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி துருத்திக்கொண்டு எழும். ஜெர்சிக் கலப்பிலும் எழும், ஒல்லியான எச்எஃப் கலப்பிலும் எழும். திமில் என்பது தசையும் கொழுப்பும். உருண்டையாக இருக்கும், சில மாடுகளில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கழுத்திலிருந்து ஏறி, பின்விளிம்பு முதுகில் வந்து சேருகிற இடத்தில் தெளிவான இறக்கம் ஒன்று விழும். எங்கள் படத்தில் அந்த இறக்கம் இல்லை. மேடு கூராக இருக்கிறது, மேலே தோல் இழுத்துப் பிடித்தது போல இருக்கிறது, பின்னால் முதுகுக்கோடு வால் வரைக்கும் கிட்டத்தட்ட நேராகப் போகிறது. கிர் மாட்டின் பின்புறம் வாலை நோக்கிச் சரிவாக இறங்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பசுவுக்குத் திமில் காளைக்கு இருப்பதைப் போலப் பெரிதாக இருக்காது, மெலிந்த மாட்டில் இன்னும் சுருங்கிப் போகும். ஆகவே "திமில் சிறுசு, அப்போ கலப்பு" என்று யாரையும் திட்டிவிட வேண்டாம். பார்க்க வேண்டியது அளவை இல்லை, அது எந்த இடத்தில் எழுந்து எப்படி இறங்குகிறது என்பதைத்தான்.

அலைதாடியும் அதே கதையைச் சொல்கிறது. நாட்டு மாட்டுக்கு அது தாடைக்குக் கீழே தொடங்கி, கழுத்து முழுக்கத் தளர்வாக ஓடி, முன்னங்கால்களுக்கு நடுவே வரை வரும். கிர்ருக்கு ஓங்கோல் மாதிரி கனத்த மடிப்பெல்லாம் கிடையாது, ஓரளவுதான் தொங்கும், ஆனால் நடுவில் அறுபடாது. எங்களுக்கு வந்த மாட்டுக்குக் கழுத்தின் மேல்பாதி சுத்தமாக ஒட்டிக் கிடக்கிறது, நெஞ்சுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தோல் தளர்ந்திருக்கிறது. வயிற்றுக்கு அடியில் தொப்புள் பக்கம் தொங்க வேண்டிய தோலும் இல்லை. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிர் ரத்தம் கொஞ்சம் இருக்கலாம், ஜெர்சி அதிகம் என்றார். கொம்பு எங்கே என்று கேட்டால், கன்றிலேயே தீய்த்திருக்கிறார்கள் என்றார். கொம்பு தீய்ப்பது பல பண்ணைகளில் வழக்கம்தான், குற்றமில்லை. ஆனால் தீய்த்த மாட்டை விற்கும்போது கொம்புள்ள முகத்தை அனுப்பினால் அது ஏமாற்று.

கன்றின் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்பழுப்புக் கன்றைக் காட்டி, "கிர் காளைக்குப் போட்டது, நிறத்தைப் பாருங்க" என்றார் தரகர். நிறம் எதற்கும் சாட்சி இல்லை. காங்கேயம் கன்றுகூடச் சிவப்பாகத்தான் பிறக்கும், ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். தோவாளை பக்கம் தெரிந்தவர் ஒருவர் "ரெட் சிந்தி" என்று வாங்கிய கன்று இப்போது வெளுத்துக்கொண்டு வருகிறது!

ஆகவே விற்கிறவரிடம் கேட்க வேண்டிய படம் ஒன்றே ஒன்று. சமதரையில் மாடு நிற்க வேண்டும், தலை முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும், தொட்டியும் வேலியும் மறைக்கக் கூடாது. எடுப்பவர் குனிந்து, மாட்டு வயிற்றின் உயரத்தில் போனை வைத்து, கொம்பு முதல் வால் வரை ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுக்க வேண்டும். தரையோடு வைத்து மேல்நோக்கி எடுத்தால் எந்த மாடும் பெரிதாகத் தெரியும், அலைதாடியும் நீளும். அடுத்து, காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண் படிக்கிற மாதிரி, நிறுத்தாமல் மாட்டைச் சுற்றி வந்து ஒரு வீடியோ. அந்த எண்ணைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் பதிவைப் பார்த்துச் சொல்வார்கள். பதிவில் இனம் என்று இருப்பது வில்லை போட்டவர் பார்த்து எழுதியதுதான், பரம்பரைச் சான்று இல்லை. ஆனாலும் படத்தில் உள்ள மாடும் இறங்குகிற மாடும் ஒன்றா என்பதை அது சொல்லிவிடும். எங்கள் மாட்டின் காதில் வில்லையே இல்லை, ஓட்டை மட்டும் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்தாலும் போட்டோ ஓரளவுக்குத்தான் உதவும். நல்ல கிர் காளைக்குத் திரும்பத் திரும்பச் சேர்த்து மூன்று நான்கு தலைமுறை தாண்டிய கலப்பு, படத்தில் அசல் போலவே தெரியும். ஒரு வயதுக் கிடாரிக்குக் கொம்பும் அலைதாடியும் வளர்ந்தே இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் தாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. பணம் அனுப்பிய ரசீதையும் அந்த நான்கு படங்களையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த முகப்படம் உங்களுக்கும் வரலாம், அதனால் அடையாளம் சொல்கிறேன்: மாட்டின் இடது கொம்பு வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், கழுத்தில் நீல நைலான் கயிறு, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி கிழிந்த பச்சைத் தார்ப்பாய். வந்தால் பணம் அனுப்பாமல், எந்த எண்ணிலிருந்து வந்தது என்று இங்கே எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.