முதியவர்களுக்கு எந்தச் சாப்பாட்டு நாற்காலி? உயரம், சாய்மானம், குஷன்: ஓர் ஒப்பீடு

வீட்டில் முதியவர் இருந்தால், சாப்பாட்டு நாற்காலி வாங்கும்போது உட்கார்வது சுகமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எழுந்திருப்பது எப்படி இருக்கிறது என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட்ட பிறகு, மேசை விளிம்பைப் பிடித்து உந்தி எழ முயலும் பெரியவரைப் பாருங்கள். மேசை நகர்ந்தால் அவர் விழுவார். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் முதல் அளவுகோல் எழுவதுதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உயரமான தாத்தாவுக்கு முழங்கால் தேய்மானம். பாட்டி குள்ளமானவர், மூட்டு வலி இல்லை, முதுகு சற்றே கூன் விழுந்திருக்கிறது. கெட்டியான பலகையில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிப்பகுதி வரை அளந்தால் தாத்தாவுக்கு 44 செ.மீ., பாட்டிக்கு 38 செ.மீ. வருகிறது. மேசையின் உயரம் 75 செ.மீ. இவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: வழக்கமான 45 செ.மீ. நாற்காலியில் தடித்த மெத்தைக் குஷன், தாழ்வான 42 செ.மீ. நாற்காலி, கைப்பிடியுள்ள 48 செ.மீ. நாற்காலி.

பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது முதல் வழி. பார்க்க இதமாக இருக்கும். ஆனால் 6 செ.மீ. மென்மையான ஃபோம் உடல் எடையில் அமுங்கி 2 செ.மீ. ஆகிவிடும். விலைச்சீட்டில் 51 என்று இருந்தாலும் தாத்தா உட்காருவது 47-இல்தான். அந்த உயரம்கூட அவருக்குப் போதும். சிக்கல் எழும்போதுதான் வருகிறது. இடுப்பு குழிக்குள் இறங்கி, தொடையின் முன்பகுதி மேடாகிவிடுவதால், உடலை முன்னால் கொண்டுவரவே ஒரு தனி முயற்சி தேவைப்படுகிறது. பாட்டிக்கோ கால் தரையிலிருந்து 9 செ.மீ. மேலே தொங்குகிறது. இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, சிறிது நேரத்தில் பாதம் மரத்துப்போகும். அவர் நுனிக்கு நகர்ந்து கால்விரலை ஊன்றுவார். அதோடு முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் போய்விடும்.

அப்படியானால் தாழ்வான நாற்காலி? பாட்டியின் காலுக்கு மூன்றில் 42 நல்லதுதான், வீட்டுச் செருப்பு அணிந்தால் பாதம் தரையை இன்னும் நெருங்கும். ஆனால் இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் உள்ள இடைவெளி 33 செ.மீ. ஆகிறது. 25 முதல் 30 வரை இருந்தால்தான் தோள் தளர்ந்து, முழங்கை இயல்பாக மடங்கும். 33-இல் தட்டு நெஞ்சுக்கு அருகில் வந்துவிடும், ஒவ்வொரு கவளத்துக்கும் தோளைத் தூக்க வேண்டும். தாத்தாவுக்கு இது ஒத்தே வராது. இருக்கை தாழத் தாழ, எழும்போது முழங்காலும் இடுப்பும் தாங்க வேண்டிய சுமை கூடுகிறது.

மூன்றாவது வழி தாத்தாவுக்குத் தெளிவாகப் பொருந்துகிறது. 48 என்பது அவருடைய அளவைவிட 4 செ.மீ. அதிகம், இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே நிற்கும், பாதமும் தரையில் இருக்கும். மேசை இடைவெளி 27, சரியான அளவு. எழுவதற்கு முன் பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுக்க வேண்டும் என்பதால், முன்கால்களுக்கு இடையில் குறுக்குச் சட்டம் இல்லாத நாற்காலியாகப் பாருங்கள்.

கைப்பிடியில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. கைப்பிடி இருக்கைக்கு மேல் 20 செ.மீ. என்றால் தரையிலிருந்து 68 செ.மீ. மேசைப் பலகையைத் தாங்கும் சட்டம் மேல்பரப்பிலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கியிருந்தால் அதன் அடிவிளிம்பு 65-இல் இருக்கும். கைப்பிடி சட்டத்தில் முட்டும், நாற்காலி உள்ளே போகாது, தாத்தா தட்டை எட்டிச் சாப்பிடுவார். கைப்பிடியின் நீளத்தைக் குறைத்து இதைத் தீர்க்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; உந்தி எழுவதற்குக் கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை வர வேண்டும். சட்டமில்லாத மேசை இருந்தால் நல்லது. இல்லையென்றால், மேசைப் பலகை சட்டத்தைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுங்கள்.

பாட்டிக்கு என் தேர்வு 45 செ.மீ. வெற்று நாற்காலி, அதோடு 6 அல்லது 7 செ.மீ. உயரமுள்ள, அகலமான, வழுக்காத கால்பலகை. மூட்டு நன்றாக இருப்பதால் அவருக்குப் பலகை ஆபத்தில்லை, ஆனால் அதைச் சற்று முன்தள்ளியே வைக்க வேண்டும். நுனிக்கு வந்து எழும்போது பாதம் பலகைக்குப் பின்னால் தரையில் இறங்க இடம் வேண்டும். தடுமாறி நடப்பவராக இருந்தால் பலகையே வேண்டாம், 42 செ.மீ. நாற்காலியும் சற்றே தாழ்வான மேசையும்தான் வழி. ஒரே மேசைக்கு ஒரே மாதிரி ஆறு நாற்காலி என்ற வழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும்.

சாய்மானத்தில் போட்டி இரண்டுக்கு இடையில்: தலை வரை உயர்ந்த நேர்ச்சாய்மானமும், தோள்பட்டைக்குக் கீழேயே முடியும் சற்றுச் சாய்ந்த சாய்மானமும். சாப்பிடும்போது நாம் முன்னால் குனிகிறோம், முதுகு சாய்மானத்தைத் தொடுவதே குறைவு. அது பயன்படுவது கவளத்துக்கு இடையிலும், உண்ட பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதும்தான். கூன் விழுந்த முதுகுக்கு உயரமான நேர்ச்சாய்மானம் மேல்முதுகை முட்டித் தலையை முன்னால் தள்ளிவிடும். ஆகவே பாட்டிக்குத் தாழ்ந்ததே நல்லது. அமுங்கிய இருக்கையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இடுப்புக்கு மேலே தாங்கல் இருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். அதிகமாகச் சாய்ந்தது வேண்டாம். விழுங்கும்போது இருமலோ புரையேற்றமோ வருபவர் நிமிர்ந்துதான் உட்கார வேண்டும்.

இருக்கையின் ஆழமும் இதோடு சேர்ந்ததே. பின்னால் முழுதாகச் சாய்ந்த நிலையில் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான சிறு குஷன் வையுங்கள்.

குஷனைப் பொறுத்தவரை 3 செ.மீ. கெட்டி ஃபோம்தான் என் தேர்வு. நன்றாக மெலிந்து எலும்பு தெரியும் உடலுக்கு மட்டும் அடியில் கெட்டியும் மேலே ஒன்றரை செ.மீ. மென்மையுமாக இரண்டு அடுக்கு கொடுக்கலாம். அவரை அரை மணி நேரம் உட்காரவைத்து, குஷனுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து விரலை மேல்நோக்கி அழுத்துங்கள். உட்காரும் எலும்பு உடனே தட்டுப்பட்டால் ஃபோம் போதவில்லை. கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. உறைக்கு, வியர்வையில் ஒட்டி வழுக்கவும் செய்யும் ரெக்ஸினைவிடக் கழற்றித் துவைக்கக்கூடிய துணி மேல். குஷனுக்குக் கட்டும் நாடா கட்டாயம் வேண்டும்.

இறுதியாக, கால்களின் அடிப்பகுதி. ஃபெல்ட் ஒட்டினால் நாற்காலியை இழுப்பது எளிது, ஆனால் பெரியவர் உட்காரும்போது பின்னால் வழுக்கிப் போகும். ரப்பர் நகராது, அதனால் மேசைக்கு அருகே நாற்காலியைத் தள்ள இன்னொருவர் வேண்டும். தாத்தாவின் நாற்காலிக்கு நான்கு காலிலும் ரப்பர் போட்டு, அவர் அமர்ந்ததும் யாராவது பின்னாலிருந்து தள்ளிக்கொடுங்கள்.