பில்லை விற்றுவிட்டேன் என்று நம்பியிருந்தேன். 9,95,167 ரூபாய் போய்விட்டது

மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: 9,95,167 ரூபாய் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நாள். என் பில்லுக்கு முன்பணம் கொடுத்த நிதி நிறுவனத்தார், ஓவர்டிராஃப்ட் வரம்பில் மிச்சம் இருந்ததை எல்லாம் ஒரே வாரியாக வாரிக்கொண்டு போயிருந்தார்கள். இதை எழுதும்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோபமும் தணியவில்லை. ஃபேக்டரிங்கில் பில் வைத்துப் பணம் வாங்கும் சிறு பட்டறைக்காரர்கள் யாராவது படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவையில் பம்புக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை என்னுடையது. வெளிமாநிலத்தில் பம்பு பூட்டும் ஒரு நிறுவனத்துக்கு அக்டோபர் 10ஆம் தேதி பில் போட்டேன். சரக்கு 10,00,000, ஜிஎஸ்டி 1,80,000, ஆக 11,80,000 ரூபாய். சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து தவணை 90 நாள். நான் உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில், எனக்கு 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லி ஆர்டரை இழக்க எந்தப் பட்டறைக்காரருக்கும் துணிவு கிடையாது. வார்ப்புக்காரருக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டியிருந்த அந்த நேரத்தில்தான் செயலி மூலம் பில்லுக்கு முன்பணம் தரும் ஒரு நிதி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தார்.

அவர் பேசிய இடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லேத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தேநீர் டம்ளரைத் துருவல் படிந்த மேசையில் வைத்துவிட்டு, "பில்லை நீங்க எங்களுக்கு வித்துட்டீங்க சார். இனி வசூல் எங்க தலைவலி" என்றார். நான் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாங்கினேன். ஒப்பந்தம் 34 பக்கம். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், கைபேசிக்கு வந்த ஆதார் ஓடிபியை அவருக்கு இரண்டு முறை கத்திச் சொன்னேன். கையெழுத்து முடிந்துவிட்டது. அதே வேகத்தில் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் நாச் அனுமதிக்கும் ஓடிபி வந்தது. "மாசத் தவணைக்கு இல்ல சார், ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றார். அதையும் சொன்னேன்.

அக்டோபர் 14ஆம் தேதி பணம் வந்தது. பில்லில் 80 சதவீதம், அதாவது 9,44,000, முன்பணம். மீதி 2,36,000 வாடிக்கையாளர் கட்டிய பிறகு வரும். ஆனால் 9,44,000 என் கைக்கு வரவில்லை. சேவைக் கட்டணம் பில் தொகையில் 1.5 சதவீதம், 17,700. அதற்கு ஜிஎஸ்டி 3,186. முன்பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியை 90 நாளுக்கும் முன்கூட்டியே கழித்தார்கள், அது 41,898. கணக்கில் விழுந்தது 8,81,216. சேவைக் கட்டணம் எதற்கு என்று கேட்டபோது, வாடிக்கையாளரின் பேரேட்டைப் பார்த்துக்கொள்வதற்கும் நினைவூட்டி வசூலிப்பதற்கும் என்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது நான் செய்த தவறு. விற்றுவிட்டோம் என்ற நினைப்பில், கணக்கரிடம் டாலியில் விற்பனை மாதிரியே பதியச் சொன்னேன். வங்கி, கட்டணம், ஜிஎஸ்டி, வட்டி நான்கும் சேர்ந்து 9,44,000, நிதி நிறுவனம் வைத்திருக்கும் மீதி 2,36,000, எல்லாம் பற்று. வாடிக்கையாளர் கணக்கில் 11,80,000 வரவு. வாடிக்கையாளர் பேரேடு சுழியமாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் சரியாகப் பொருந்தும், அதனால் கணக்கருக்கும் சந்தேகம் எழவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாக்கிப் பட்டியலை எடுத்து வைத்துப் போன் செய்யும் வழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பெயர் பட்டியலில் இல்லாததால் மார்ச் வரை நான் அவரைக் கூப்பிடவே இல்லை. சண்டை போட்டு வாங்கியிருக்கக்கூடிய காலம் எல்லாம் அந்தச் சுழியத்தால் கழிந்தது.

ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தில் இருந்தது வேறு. வாடிக்கையாளர் தவணை முடிந்து 60 நாளுக்குள் கட்டாவிட்டால், பில்லை நான் முழு முன்பணத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரிகோர்ஸ் என்று சொல்வது இதைத்தான்: வாடிக்கையாளர் ஏமாற்றினால் நிதி நிறுவனம் நம் பக்கம் திரும்பும் உரிமை. அந்த உரிமை இருக்கும்வரை, பெயர் என்னவாக இருந்தாலும், வாங்கியது பில்லை அடகு வைத்த கடன்தான். பாக்கி வராமல் போகும் ஆபத்து நம் தலையிலேயே இருக்கும்போது அதை ஏட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பது கணக்கியலின் அடிப்படை, ஆடிட்டர் என்னிடம் இதை இப்போதுதான் சொன்னார், எரிச்சலோடு.

அவர் சொன்னபடி அக்டோபரில் பதிந்திருக்க வேண்டியது இது: வங்கி 8,81,216, கட்டணம் 17,700, ஜிஎஸ்டி 3,186, வட்டி 41,898 பற்று, நிதி நிறுவன முன்பணம் என்ற கடன் கணக்கில் 9,44,000 வரவு. வாடிக்கையாளர் பேரேட்டில் 11,80,000 அப்படியே நிற்கும். அவர் பணத்தை நிதி நிறுவனத்துக்குக் கட்டினால் அன்றைக்குத்தான் அவர் கணக்கில் 11,80,000 வரவு வைத்து நிதி நிறுவனக் கணக்கில் பற்று வைப்போம். அங்கே கடன் தீர்ந்து, நமக்கு வர வேண்டிய 2,36,000 மிஞ்சும். கட்டாவிட்டால் கடனை நாம் அடைக்கிறோம்.

எனக்கு நடந்தது இரண்டாவது. ஜனவரி 12 தவணை நாள். வாடிக்கையாளர் நிறுவனம் பிப்ரவரியில் கதவைச் சாத்திவிட்டது என்பது எனக்கு மார்ச் மாதம்தான், அதுவும் அதே நிறுவனத்துக்குச் சரக்கு போட்ட இன்னொரு பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மார்ச் 13 அன்று எடுத்த 9,95,167 ரூபாயில் முன்பணம் 9,44,000. தவணை தாண்டிய 60 நாளுக்கு 24 சதவீத வீதத்தில் தாமத வட்டி 37,243. பில்லைத் திரும்ப ஒப்படைக்கும் கட்டணம் 11,800. அதற்கு ஜிஎஸ்டி 2,124. என் பில்லை எனக்கே திருப்பித் தர ஒரு சதவீதம் கட்டணம்!

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாய், இதில் என்ன ஏமாற்று என்று சிலர் கேட்பார்கள். என் கைக்கு வந்தது 8,81,216, போனது 9,95,167. இடையே 1,13,951 ரூபாய். அதில் 5,310 மட்டும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகக் கிடைக்கும். 150 நாளுக்கு 1,13,951 என்றால் ஆண்டுக் கணக்கில் 31 சதவீதத்துக்கும் மேல். என்னிடம் சொன்னது 18 சதவீதம். அதற்கு மேல், 11,80,000 பாக்கி முழுவதும் திரும்ப என் தலையில். அரசுக்கு நான் ஏற்கெனவே கட்டிவிட்ட 1,80,000 ஜிஎஸ்டியும், வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்ப வராது.

தவறாகப் போட்ட பதிவைத் திருத்துவதே ஒரு வேலையாகிவிட்டது. வாடிக்கையாளர் கணக்கில் 11,80,000 மீண்டும் பற்று வைத்து, 2,36,000 மீதியை நீக்கி, 9,44,000ஐக் கடனாகக் காட்டி, அதன்பின் வங்கி எடுத்ததைப் பதிய வேண்டும். வசூலாகாது என்று தெரிந்த பிறகு மார்ச் 31க்குள் 11,80,000ஐ வாராக்கடன் என்று ஏட்டில் எழுதித் தள்ளினால்தான் இந்த ஆண்டு வருமான வரியில் கழிவு கேட்கலாம். ஒதுக்கீடு மட்டும் வைத்தால் எனக்குக் கழிவு கிடையாது. அந்தக் கழிவு, இழப்பில் ஒரு பகுதியைத்தான் ஆற்றும்.

சரி, 17,700 ரூபாய்க்குச் செய்த வசூல் என்ன? வாடிக்கையாளருக்கு என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஜனவரி 14 அன்று தானாகப் போன ஒரே ஒரு மின்னஞ்சல். தொலைபேசி இல்லை, நேரில் ஆள் இல்லை, வக்கீல் நோட்டீஸ் இல்லை. பணத்தை என்னிடமிருந்து எடுக்கும் வழி கையில் இருக்கும்போது எதற்காக அவர் வாசலில் போய் நிற்கப் போகிறார்கள்!

கேட்கப் போன கதை தனி. ஸ்டூலில் உட்கார்ந்தவர், "நான் இப்போ அந்தக் கம்பெனில இல்ல சார்" என்றார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண், மரியாதையாகவே, "டிக்கெட் பதிவு செய்திருக்கிறோம், ஏழு வேலை நாள் ஆகும்" என்றார். அடுத்த நாள் வேறொரு குரல் அதே ஏழு நாளை மீண்டும் முதலிலிருந்து எண்ணியது. பகுதி மேலாளர் என்று ஒருவரைப் பிடித்தேன். "ஒப்பந்தத்தைப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 9,95,167 ரூபாயை எடுக்க அவர்களுக்கு ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது.

ஒரு கடிதம் வேண்டும், அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்டோபரில் அந்தப் பாக்கியை அவர்கள் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதை எனக்கு மறு ஒப்படைப்பு செய்ததாக அவர்கள் எழுதித் தராதவரை, வழக்குப் போட்டாலோ சிறு தொழில் தாமதப் பணத்துக்கான மன்றத்தில் மனு கொடுத்தாலோ, எதிராளி "இந்தப் பாக்கி உங்களுடையதே இல்லையே" என்று சொல்ல இடம் இருக்கிறது என்று வக்கீல் எச்சரித்தார். பணம் என்னிடம் வாங்கியாயிற்று, பாக்கியோ காகிதத்தில் இன்னும் அவர்கள் பெயரில். இப்படி மாற்றி எழுதிய பாக்கிகளைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் அவர்கள் பதிந்திருந்தால் அதையும் முடித்துத் தர வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுத உட்கார்ந்தேன், இப்போது நேரமும் பொறுமையும் இல்லை. ரிகோர்ஸ் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றாலும், சரக்கில் குறை என்று வாடிக்கையாளர் தகராறு செய்தால் யார் தலையில் விழும் என்பதையும் கேளுங்கள். சிறு தொழில் பில்களை நிதி நிறுவனங்களுக்கு விற்க ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டு நடக்கும் வணிகத்தில் விற்பவர் மீது ரிகோர்ஸ் கிடையாது. டிரெட்ஸையும் நான் வாங்கியது போன்ற முன்பணத்தையும் ஒன்று என்று சொல்பவரை நம்பாதீர்கள். நாச் ஓடிபியைச் சத்தத்தில் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் பணம் கட்டும்வரை அவர் பெயரைப் பாக்கிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், திங்கட்கிழமை போனையும் நிறுத்தாதீர்கள்.

இன்று மாலை டிக்கெட் நிலை பார்த்தேன். "தீர்க்கப்பட்டது" என்று காட்டுகிறது. மறு ஒப்படைப்புக் கடிதம் வரவில்லை.