வாட்ஸ்அப் இடத்தைச் சாட் சாட்டாகப் பார்த்துக் காலி செய்கிறேன்: இரண்டு வருட அனுபவம்

என் போன் 64 ஜிபி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கேமராவைத் திறந்தால் படம் எடுக்க இடமே இல்லை. பார்த்தால் வாட்ஸ்அப் மட்டும் 11.8 ஜிபி பிடித்து வைத்திருந்தது. அதுவரை இடம் போதாதபோதெல்லாம் ஏதாவது ஒரு குழுவில் Clear chat கொடுத்துவிடுவேன். அதில் எழுதிய பேச்சும் சேர்ந்து போய்விடும். எழுத்து பிடிக்கும் இடமோ மிகக் கொஞ்சம். அன்றிலிருந்து பெரிய வீடியோக்களையும் பார்வர்டாக வந்த கோப்புகளையும் மட்டும் அழிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

Settings-க்குள் Storage and data, அதற்குள் Manage storage. மேலே இரண்டு பெட்டிகள்: பலமுறை பார்வர்டானவை, 5 எம்பிக்கு மேல் உள்ளவை. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு சாட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இருக்கும்.

முதல் தடவை நான் மேலே இருந்த 5 எம்பி பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் தேவைப்பட்டது. அண்ணன் அனுப்பியிருந்த 14 எம்பி பிடிஎஃப், அதுவும் அந்தக் கூட்டத்தோடு போயிருந்தது. இங்கே அழித்ததை மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. அண்ணனிடம் இருந்ததால் திரும்ப வாங்க முடிந்தது. நாம் அழிப்பது நம் போனில் மட்டும்தான். அந்தப் பெட்டிக்கு அளவு மட்டும்தான் தெரியும். கோப்பு யாரிடமிருந்து வந்தது, ஏன் வந்தது என்பது சாட்டுக்குள் போனால்தான் தெரியவரும். அதனால் இப்போது கீழே உள்ள பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறேன்.

என் பட்டியலில் முதலில் இருந்தது சொந்தக்காரர்கள் குழு, 3.9 ஜிபி. அதைத் தொட்டு, வரிசையைப் பெரியது முதலில் என்று மாற்றினேன். முதல் முப்பது வீடியோக்களே 2 ஜிபிக்கு மேல் வந்தன. அதற்குக் கீழே வணக்கப் படங்களும் பூப்படங்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைத் தொடவே இல்லை. ஒரு படம் சுமார் 200 கேபி என்றால் நானூறு படம் அழித்தாலும் 80 எம்பிதான் காலியாகும். ஒரே ஒரு வீடியோ அந்த அளவு இருந்தது. படம் படமாக உட்கார்ந்து அழிப்பவர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

பார்வர்டு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். மேலே உள்ள பலமுறை பார்வர்டானவை பெட்டியில், குறைந்தது ஐந்து கை மாறி வந்தவை மட்டும்தான் இருக்கும். சாட்டில் இரட்டை அம்புக்குறியோடு தெரிவது அதுதான். ஒற்றை அம்புக்குறி உள்ளவை அங்கே வராது, அவற்றைச் சாட்டில்தான் தேட வேண்டும். அதேபோல, பார்வர்டு என்று இருப்பதாலேயே எதுவும் வேண்டாததாகிவிடாது. அண்ணன் அனுப்பிய பத்திரமும் ஒற்றை அம்புக்குறியோடு வந்ததுதான். அதனால் வீடியோவைப் பெயருக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கிறேன். பிடிஎஃப் என்றால் திறந்து பார்க்காமல் அழிப்பதே இல்லை.

அழித்த பிறகும் காலி இடம் எதிர்பார்த்த அளவு கூடாமல் போவதுண்டு. அதே வீடியோ இன்னொரு குழுவிலும் வந்திருந்தால், ஒரு பிரதி போனாலும் கோப்பு போனில்தான் இருக்கும். அழிக்கும்போது எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டால், பார்வர்டு வீடியோவுக்கு ஆம் என்றே கொடுக்கிறேன். நாமே அனுப்பிய வீடியோவும் இதில் சேரும். ஆண்ட்ராய்டில் கேலரியில் அசல் ஒன்று, வாட்ஸ்அப்பின் Sent கோப்புறையில் சுருக்கிய பிரதி இன்னொன்று என்று இரண்டு இருக்கும். அசல் இருக்கிறதா என்று கேலரியில் பார்த்துக்கொண்டு, சாட்டில் உள்ளதை அழிக்கிறேன்.

கோப்பு மேலாளரில் போய் நேரடியாக அழித்தும் பார்த்தேன். இடம் கிடைத்தது, ஆனால் சாட்டில் மங்கலான படம் அப்படியே நிற்கிறது. தொட்டால் கோப்பு இல்லை என்று சொல்கிறது. எது போனது, எது இருக்கிறது என்று பிறகு நமக்கே தெரியாது. அப்புறம் அந்த வழியை விட்டுவிட்டேன்.

தானாக இறங்குவதில் வீடியோவையும் ஆவணத்தையும் நிறுத்தியதில் பாதி வேலை குறைந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மேலே உள்ள நான்கைந்து சாட்டுகளை மட்டும் பார்க்கிறேன், கால் மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப் 4 ஜிபியைத் தாண்டுவதில்லை. அம்மாவின் சாட்டில் உள்ள குரல் பதிவுகளில் ஒன்றுகூட அழியவில்லை. இரண்டு வருடத்துப் பதிவுகள் எல்லாம் சேர்ந்தே 90 எம்பிதான்.