‘ஹேண்ட்மேட் சுங்குடி’ என்று வாங்கினேன், அப்படியே எழுதி விற்றும்விட்டேன்

வீட்டில் இருந்தபடி காட்டன் புடவை விற்கிறவள் நான். ஊர் திருச்சி. இந்தப் பதிவில் ஏமாந்ததும் நான்தான், ஏமாற்றியதும் நான்தான். என்னைப் போல மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

புதிதாக ஒரு சப்ளையர் வாட்ஸப்பில் கேட்லாக் அனுப்பினார். தலைப்பு: ‘ஒரிஜினல் மதுரை சுங்குடி, ஹேண்ட்மேட், கைத்தறி காட்டன்’. ஒரு புடவை 780 ரூபாய். பன்னிரண்டு எடுத்தேன். அரக்கு, மயில்கழுத்து, கரும்பச்சை என்று பார்க்க நன்றாகவே இருந்தன. அவர் எழுதியதை வரி மாற்றாமல் என் பக்கத்தில் ஒட்டி, 1,450 ரூபாய் போட்டேன். பத்து நாளில் ஒன்பது போய்விட்டன.

ஒன்பதில் ஒன்று ஸ்ரீரங்கத்துக்குப் போனது. வாங்கியவர் அறுபது வயது தாண்டிய அம்மா. மதுரையில் பிறந்த சௌராஷ்டிரக்காரர், சுங்குடியைப் பரம்பரையாகச் செய்துவரும் சமூகம். அது எனக்கு அப்போது தெரியாது. போனில் திட்டவெல்லாம் இல்லை. “ஒரு தடவை நேரில் வந்து பாரும்மா” என்று மட்டும் சொன்னார். போனேன்.

புடவையைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார். “இதிலே முடிச்சு எங்கேம்மா இருக்கு?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே தன் பீரோவிலிருந்து ஒரு பழைய சுங்குடியை எடுத்து, கைக்குட்டை ஒன்றையும் மடியில் போட்டுக்கொண்டு காட்டினார். துணியில் ஒரு துளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போனார். பதினைந்து வயதிலேயே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவராம். ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். கை பழகியிருந்தால் பத்து விநாடி என்றார். முடிச்சு முழுவதும் போட்டபின் துணி கொத்துக் கொத்தாகச் சுருங்கிக் கிடக்கும். அதைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, இருபுறமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் தெறித்து விழும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாததால் அங்கே புள்ளி நிற்கும்.

அவருடைய பழைய புடவையில் அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தேன். ஒன்றுகூடச் சரியான வட்டம் இல்லை. ஒன்று கோணலாக, இன்னொன்று சதுரம் போல. சிலவற்றில் நடுவே சாயம் புகுந்து ஒரு சிறு பொட்டு. உள்பக்கம் திருப்பினாலும் அதே நிறம், அதே புள்ளி. நான் விற்றதைத் திருப்பினால் உள்பக்கம் வெளிறிக் கிடந்தது.

அதைவிட என்னை வாயடைக்க வைத்தது வேறொன்று. என் புடவையில் ஓரம் கடிபட்டது போல ஒரு புள்ளி இருந்தது, பிறை மாதிரி. அதன்மேல் விரலை வைத்தார். அங்கிருந்து கையால் அளந்துகொண்டே போனார். ஒன்றரை முழம் தள்ளி, கரையிலிருந்து அதே தூரத்தில், அதே பிறை. இன்னொரு ஒன்றரை முழத்தில் மறுபடியும். முந்தி வரை வந்துகொண்டே இருந்தது. முடிச்சே இல்லை, புள்ளியெல்லாம் அச்சு. அச்சுச் சட்டத்தில் இருந்த ஒரு குறை, சட்டத்தை நகர்த்தி வைத்த ஒவ்வொரு இடத்திலும் விழுந்திருக்கிறது. கையால் முடிச்சிட்டால் பிழை வரலாம், ஆனால் அதே பிழை அளந்து வைத்தாற்போலத் திரும்பி வராது.

உங்களிடம் இருப்பதைச் சோதிக்க வேண்டுமானால் நான் முதலில் சொல்வது இதைத்தான். உள்பக்கம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் போதாது. மெழுகு அச்சு வைத்துச் சாயத்தில் முக்கிய துணி இருபக்கமும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். அதுவும் கைவேலைதான், ஆனால் முடிச்சு இல்லை. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் மயிரிழை போல ஓடியிருப்பதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். முடிச்சிட்ட இடம் கொஞ்சம் புடைத்துச் சுருங்கியிருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நாலு தடவை துவைத்துப் பெட்டி போட்டால் அதுவும் தட்டையாகிவிடும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு சாண் சதுரத்தில் ஏறக்குறைய ஐம்பது புள்ளி இருந்தது. புள்ளி விழுந்த பகுதி எப்படியும் நூறு சதுரம் வரும். ஆக 5,000 முடிச்சு. ஒன்றுக்குப் பத்து விநாடி என்றால் 50,000 விநாடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். நிமிராமல் செய்தாலும் இரண்டு நாள் வேலை. அதன்மேல் துணி விலை, சாயக் கூலி, சப்ளையர் லாபம். இவ்வளவும் 780 ரூபாய்க்குள் எப்படி அடங்கும்? விலையே உண்மையைச் சொல்லியிருந்தது. நான்தான் தலைப்பை மட்டும் படித்திருக்கிறேன்.

சப்ளையரைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. “மெஷின்ல போடலை மேடம். மேஜையில விரிச்சு ரெண்டு ஆள் நின்னு கையாலதான் ஸ்கிரீன் இழுக்கிறாங்க. ஹேண்ட்மேட்தானே?” என்றார். எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு பாதி உண்மை இருப்பதை மறுக்க முடியவில்லை. மேஜை அச்சு கையால் செய்வதுதான், சுலபமான வேலையும் இல்லை. ஆனால் ‘சுங்குடி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஹேண்ட்மேட்’ என்று வைத்தால், படிப்பவர் மனதில் வருவது முடிச்சு. அது தெரிந்துதான் அவர் அப்படி வைத்திருக்கிறார். ‘ஹேண்ட்கிராஃப்டட்’ இன்னும் வழுக்கலான சொல். குஞ்சம் மட்டும் கையால் கட்டியிருந்தாலும் அதைப் போட்டுவிடுகிறார்கள்.

‘கைத்தறி’ என்று போட்டிருந்தீர்களே என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, “எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்பதைத் தவிர. துணி விசைத்தறியில் நெய்தது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறோம். கையால் முடிச்சிட்ட சுங்குடி என்பதாலேயே துணியும் கைத்தறி ஆகிவிடாது. ஸ்ரீரங்கத்து அம்மாவின் பழைய புடவையே மில் துணியில் முடிச்சிட்டதுதான், அதை அவரே சொன்னார். நெசவு ஒரு வேலை, முடிச்சு வேறொரு வேலை. எது கையால் நடந்தது என்று சொல்லாமல் மொத்தப் புடவைக்கும் ‘ஹேண்ட்மேட்’ என்று ஒரே சொல்லைப் போட்டால் இரண்டும் கலந்துவிடுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அடுத்த அடி விழுந்தது. அவர் கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தால் ‘காட்டன் புடவை, 12’ என்று மட்டும் இருக்கிறது. கைத்தறியும் இல்லை, சுங்குடியும் இல்லை. வாய்ஜாலமெல்லாம் கேட்லாக்கில், பில்லில் வெறும் காட்டன். கேட்லாக் படங்களையாவது சேமித்து வைத்திருந்தேனா என்றால் அதுவும் இல்லை. நான் தேடியபோது அவர் அவற்றை நீக்கியிருந்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போகலாமே என்று தங்கை சொன்னாள். விசாரித்தபின் தெரிந்தது, மறுபடி விற்பதற்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் நுகர்வோரே இல்லை. ஆனால் என்னிடம் வாங்கிய ஒன்பது பேரும் நுகர்வோர். அவர்கள் நினைத்தால் என்மேல் புகார் கொடுக்கலாம். இணையத்தில் விற்பதற்கென்று 2020இல் வந்த விதிகளும், விற்பவர் தரும் விவரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. ‘சப்ளையர் சொன்னதை எழுதினேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஏனென்றால் தலைப்பை என் பக்கத்தில் போட்டது நான். ‘மதுரை சுங்குடி’க்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. போகிற போக்கில் எதன்மேலும் ஒட்டக்கூடிய பெயர் இல்லை அது.

ஒன்பது பேருக்கும் எழுதினேன். ‘இது ஸ்கிரீன் பிரின்ட், விசைத்தறித் துணி. நான் தப்பாக எழுதிவிட்டேன். திருப்பி அனுப்பினால் முழுப் பணம் தருகிறேன், வைத்துக்கொள்வதானால் 600 ரூபாய் திருப்பித் தருகிறேன்.’ ஆறு பேர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் திருப்பினார்கள், அதில் ஸ்ரீரங்கத்து அம்மாவும் ஒருவர். ஒருவர் இன்னும் பதில் போடவில்லை, அவருக்கும் 600 ரூபாய் அனுப்பிவிட்டேன். ஏழு பேருக்கு 4,200, இரண்டு பேருக்கு 2,900, கூரியர் தனி. அந்தச் சரக்கில் லாபம் என்று நினைத்ததெல்லாம் கரைந்து கைக்காசும் போனது.

மிச்சமிருந்த ஐந்து புடவைக்கும் தலைப்பை மாற்றினேன்: ‘சுங்குடி டிசைன் காட்டன் புடவை, ஸ்கிரீன் பிரின்ட், விசைத்தறித் துணி’. ‘டிசைன்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தேன். கீழே விவரத்தில் வைத்தால் யாரும் அதுவரை இறங்கி வருவதில்லை. விலை 850. விற்காது என்று பயந்தேன், இரண்டு போய்விட்டது. தினமும் வேலைக்குக் கட்ட, துவைத்துப் போட, அச்சுப் புடவை போதும் என்று வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

உண்மையான முடிச்சுப் புடவை நாலு, அந்த அம்மா சொல்லிவிட்ட ஒரு வீட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். அதற்கு எழுதியது: ‘கைமுடிச்சுச் சுங்குடி. துணி விசைத்தறி. முடிச்சும் சாயமும் கையால். கரை மெழுகு அச்சு.’ ‘ஹேண்ட்மேட்’ என்ற சொல்லே அதில் இல்லை. கரையை ஒட்டிச் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் விட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள். ஆனால் அதையே நம்பி வாங்கிவிடாதீர்கள். அச்சுப் புடவையின் ஓரத்தில் நாலு முடிச்சைக் கட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? சாயம் போடும் முன் முழுத் துணியும் சுருங்கிக் கிடக்கும் படம் ஒன்று கேளுங்கள். அப்புறம், என்ன சொல்லி விற்கிறார்களோ அதை அதே சொற்களில் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கைமுடிச்சு’ என்று பில்லில் எழுதக் கேட்டதும் மூன்று சப்ளையர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், எனக்கு வேலை மிச்சம்.

போன வாரம் பழைய சப்ளையரிடமிருந்து புது கேட்லாக் வந்தது. என் நம்பரை நீக்க மறந்திருப்பார். ‘பியூர் ஹேண்ட்கிராஃப்டட் மதுரை சுங்குடி’, 820 ரூபாய். நீலப் புடவைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரையிலிருந்து அதே தூரத்தில், ஓரம் கடிபட்ட அதே பிறைப் புள்ளி.