மதிப்பெண் திட்டமா, தேர்வாளர் அறிக்கையா?

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் இயற்பியலுக்காக (9702) மகள் எழுதும் பழைய வினாத்தாள்களை வீட்டில் நான்தான் திருத்துகிறேன். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் மதிப்பெண் திட்டம், மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று சொல்லும் தேர்வாளர் அறிக்கை இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில் என் சாய்வு அறிக்கை பக்கம்தான்.

கணக்குகளுக்குத் திட்டமே போதும், குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தால். C1 என்பது இடைப்படிக்கான மதிப்பெண். அந்தப் படியை எழுதாமலே விட்டாலும், பின்னால் வரும் விடை அது தெரிந்திருந்ததைக் காட்டினால் கிடைத்துவிடும். A1 விடைக்கு. உதாரணமாக, 0.15 கிலோ பந்து 4.0 மீ/வி வேகத்தில் சுவரில் மோதி 3.0 மீ/வி வேகத்தில் திரும்புகிறது. திசை மாறுவதால் வேகங்களைக் கூட்ட வேண்டும். உந்த மாற்றம் 1.05 கிகி மீ/வி. கழித்துவிட்டவருக்கு 0.15 வரும், A1 போய்விடும். ஆனால் அடுத்த பகுதியில் மோதல் நேரம் 0.050 வினாடி என்று கொடுத்து சராசரி விசையைக் கேட்டால், 21 நியூட்டனுக்குப் பதில் 3.0 என்று எழுதியவருக்கும் பொதுவாக முழு மதிப்பெண் உண்டு. முந்தைய பிழைக்கு மறுபடி குறைப்பதில்லை. திட்டத்தில் ecf என்று இருப்பது இதைத்தான்.

சிக்கல் வரையறைகளில்தான். மின்னழுத்தத்தை வரையறுக்க வழக்கமாக 2 மதிப்பெண்: ஓரலகு மின்னூட்டத்துக்கான வேலை என்பதற்கு ஒன்று, நேர் மின்னூட்டத்தை முடிவிலியிலிருந்து அப்புள்ளிக்குக் கொண்டுவருவது என்பதற்கு ஒன்று. மகள் எழுதியது: “ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலியிலிருந்து அப்புள்ளிக்குக் கொண்டுவரச் செய்யும் வேலை.” திட்டத்தோடு ஒப்பிட்டால் எல்லாச் சொற்களும் இருப்பது போலவே தெரியும், தானே திருத்துகிற மாணவர் இரண்டையும் போட்டுக்கொள்வார். ஆனால் அவள் எழுதியது ஒரு வேலையின் அளவு. கேட்டதோ வேலையை மின்னூட்டத்தால் வகுத்த விகிதம். முதல் மதிப்பெண் அங்கே போகிறது. இத்தகைய வரையறைகளில் விகிதம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தேர்வாளர் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எது சரி என்பதைத் திட்டம் சொல்லிவிடும். சரி போலவே இருந்தும் தேறாத விடை எது என்பது பெரும்பாலும் அறிக்கையில்தான் இருக்கிறது. வீட்டில் திருத்துகிறவர்களுக்கு அந்தத் தகவல்தான் இல்லாமல் போகிறது.

அதனால் இப்போது விளக்க வினாக்களுக்கு முதலில் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் பேனா எடுக்கிறேன். மே/ஜூன், அக்டோபர்/நவம்பர் என ஒவ்வொரு பருவத்துக்கும் அறிக்கை தனி. 21, 22, 23 என்று வினாத்தாள் வகையும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேறு தாளின் குறிப்பை வைத்துக் குழம்ப வேண்டாம். அறிக்கையில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பிரித்திருக்காது. அதற்குத் திட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

வரலாறு போன்ற கட்டுரைத் தாள்களில் விடை முழுவதையும் ஒரு நிலையில் வைத்து மதிப்பிடுகிறார்கள். அவற்றை நான் திருத்தியதில்லை, ஆகவே இந்த வரிசை அங்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.