வெள்ளியங்கிரி ஏற பிரையரா, பிட்சாட்டா?

பூண்டியிலிருந்து ஏறும்போது ஆறு பேர். சிக்னல் போனபின் பேசிக்கொள்ள இரண்டு செயலிகளையும் போட்டுப் பார்த்தோம். இரண்டும் இலவசம், இரண்டும் புளூடூத்தில் ஓடும். என் ஓட்டு பிரையருக்கு (Briar).

பிட்சாட் (Bitchat) எளிது. கணக்கு, எண் எதுவும் வேண்டாம். திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தெரிவார்கள். ஐபோனிலும் ஓடும். ஒரு செய்தி ஏழு போன்கள் வரை தாவும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் தாவ இடையில் போன் இருக்க வேண்டுமே! மரமும் வளைவும் உள்ள பாதையில் இரண்டு போன்களுக்கு இடையே முப்பது மீட்டர் என்று வைத்தால், ஆறு பேர் வரிசையாக நடந்தாலும் மொத்தம் நூற்றைம்பது மீட்டர்தான். வேகமாக ஏறுகிறவன் அதைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவான். வழியில் கூட்டம் இருந்தது உண்மை. அவர்கள் போனிலும் இந்தச் செயலி இருந்தால்தானே?

பிரையர் வேறு மாதிரி. நேரடியாகச் சேராத செய்தி அனுப்பியவர் போனிலேயே காத்திருக்கும். அந்த நண்பர் அருகில் வந்ததும் போகும். மன்றம் ஒன்று தொடங்கி எல்லாரையும் சேர்த்துவிட்டால் இன்னும் வசதி: ஒருவர் பெற்ற பதிவு, அவர் அடுத்தவரைச் சந்திக்கும்போது அவருக்கும் போய்ச் சேரும். முன்னால் போன இருவர், "ஆண்டி சுனையில் இருக்கிறோம், சாப்பாட்டுப் பை வரட்டும்" என்று பதிந்தார்கள். அங்கே அவர்களோடு உட்கார்ந்திருந்த மூன்றாமவர், பின்தங்கியவர்களைத் தேடிக் கீழே இறங்கினார். பை எங்களிடம். அவர் வளைவில் தென்பட்ட சற்று நேரத்தில் அவர் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி, அப்புறம் அந்தப் பதிவு. பக்கத்தில் வந்து அவர் வாயைத் திறக்குமுன் பையைத் தூக்கிவிட்டேன்.

இதற்கு அடிவாரத்திலேயே வேலை உண்டு. ஒவ்வொருவரும் மற்றவரின் கியூஆரை ஸ்கேன் செய்து நண்பராக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஐந்து போனுக்குப் பத்து ஜோடி. பேட்டரி சேமிப்பில் பிரையருக்கு விலக்கு தரவும் வேண்டும். ஒருவர் அதைச் செய்யாததால், திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் அவர் போன் செயலியை மூடிவிட்டது. அவர் கையிலிருந்த செய்திகள் யாருக்கும் போகவில்லை. பச்சைப் புள்ளி வராவிட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஒரே ஒரு ஏற்றத்தை வைத்துச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பேர் போனால் எப்படி ஓடுமோ, பார்க்கவில்லை. எங்களில் ஒருவர் ஐபோன்காரர். போன்களில் பிரையர் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும். அவரை யாராவது ஒருவர் கண் பார்வையிலேயே நடக்கச் சொன்னோம். அவருக்காகத்தான் பிட்சாட்டையும் நீக்காமல் வைத்திருக்கிறேன்.