லீப் ஆண்டைத் தாண்டும் டெபாசிட்: ஆக்சுவல்/ஆக்சுவல் வட்டிக் கணக்கோடு என் நீண்ட கால அனுபவம்

ஒரு வருட டெபாசிட் போடுவது, முதிர்ந்ததும் அசலை மட்டும் அப்படியே மறுபடி போடுவது என்று பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ஆக்சுவல்/ஆக்சுவல் முறையில் வட்டி கணக்கிடும் டெபாசிட்கள். 2020, 2024 என்று இரண்டு லீப் ஆண்டுகளை இந்த முறையோடு கடந்துவிட்டேன். சாதாரண வருடங்களில் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, 365-ஐ நிலையாக வைத்து வகுத்தாலும் அதே தொகைதான் வரும். டெபாசிட்டின் ஒரு கால் சாதாரண ஆண்டிலும் மறு கால் லீப் ஆண்டிலும் இருக்கும்போதுதான் இதன் குணம் தெரியும். அதனால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முறை இதுதான். டெபாசிட் காலத்தை டிசம்பர் 31 நள்ளிரவில் இரண்டாக வெட்டுகிறார்கள். சாதாரண ஆண்டில் விழும் நாட்களை 365-ஆல் வகுக்கிறார்கள், லீப் ஆண்டில் விழும் நாட்களை 366-ஆல் வகுக்கிறார்கள், இரண்டையும் கூட்டி அசலாலும் வட்டி விகிதத்தாலும் பெருக்குகிறார்கள். டெபாசிட் போட்ட நாள் கணக்கில் சேரும், முதிரும் நாள் சேராது. இங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலண்டர் ஆண்டு. நீங்கள் பணம் போட்ட தேதியிலிருந்து ஓடும் ஆண்டு இல்லை. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எண்ணில் பார்த்துவிடலாம். அசல் 10,00,000, வட்டி 7.3 சதவீதம், தனிவட்டி, முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7.3-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு: ஆண்டு வட்டி 73,000, அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சரியாக 200 வரும். 366-ஆல் வகுத்தால் 199.45. நாள் வட்டியில் இந்த 55 காசு வித்தியாசம்தான் மொத்தக் கதையும்.

2023 அக்டோபர் 1-ஆம் தேதி போட்டு 2024 அக்டோபர் 1-ஆம் தேதி முதிர்கிறது. 2023-இல் விழும் நாட்கள் 92, அதற்கு நாளுக்கு 200 வீதம் 18,400. 2024-இல் விழும் நாட்கள் 274, அதற்கு 54,650.27. மொத்தம் 73,050.27. ஒரு வருடத்துக்கு 7.3 சதவீதம் என்று சொல்லி 73,000-ஐ எதிர்பார்த்த ஆளுக்கு ஐம்பது சொச்சம் கூடுதலாக வந்திருக்கிறது. பிப்ரவரி 29 நடுவில் வந்ததால் 366 நாள், அதனால் கூடுதல் என்று சட்டென்று தோன்றும். அது பாதிக் காரணம்தான், ஏனென்றால் கூடுதல் நாளுக்கு முழு வட்டி கிடைத்திருந்தால் 200 கூடியிருக்க வேண்டுமே.

சரி, அதே பணத்தை அன்றே மறுபடி அதே விகிதத்தில் போடுகிறோம். 2024 அக்டோபர் 1 முதல் 2025 அக்டோபர் 1 வரை, 365 நாள். இதில் பிப்ரவரி 29 கிடையாது. ஆனால் முதல் 92 நாள் 2024-இல் இருக்கிறது, அதனால் அதை 366-ஆல்தான் வகுக்கிறார்கள்: 18,349.73. மிச்சம் 273 நாளுக்கு 54,600. மொத்தம் 72,949.73. முழுதாக 365 நாள் பணம் இருந்தும் 73,000 வரவில்லை!

இந்த இரண்டாவது டெபாசிட்தான் ஆட்களைக் கோபப்படுத்துவது. லீப் நாளே இல்லாத காலத்துக்கு ஏன் 366 என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பதிலும் நியாயமானது. இரண்டு தொகைகளையும் கூட்டிப் பாருங்கள்: 73,050.27-உம் 72,949.73-உம் சேர்ந்து 1,46,000.00, காசு பிசகாமல் இரண்டு வருட வட்டி. முதல் டெபாசிட்டை முழு 2024-ஓடு ஒப்பிட்டால், 2024-இன் கடைசி 92 நாளுக்குப் பதிலாக 2023-இன் கடைசி 92 நாளை எடுத்துக்கொண்டது. அந்த நாட்கள் ஒவ்வொன்றும் 55 காசு உசத்தி, அதனால் 50.27 லாபம். இரண்டாவது டெபாசிட்டை முழு 2025-ஓடு ஒப்பிட்டால் அதே மாற்று தலைகீழாக நடந்திருக்கிறது, 2025-இன் கடைசி 92 நாளுக்குப் பதில் 2024-இன் மெலிந்த 92 நாள். எந்தக் காலண்டர் ஆண்டையும் முழுதாகக் கூட்டினால் அந்த ஆண்டுக்குரிய வட்டி சரியாக வந்துவிடும், நடுவில் எங்கே வெட்டினாலும் ஒன்றும் தொலையாது, ஒன்றும் இரண்டு முறை எண்ணப்படாது. நான் இந்த முறையைவிட்டு நகராமல் இருப்பதற்கு இதுதான் காரணம், 365-ஐயோ 360-ஐயோ நிலையாக வைத்து நாட்களை வகுக்கும் முறைகளில் இந்த ஒழுங்கு கிடைப்பதில்லை.

365-ஐ நிலையாக வைத்து வகுக்கும் முறையில் முதல் டெபாசிட்டுக்கு 73,200 வரும், இரண்டாவதுக்கு 73,000. வாங்குகிறவருக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. 360-ஆல் வகுப்பவர்களிடம் முதல் டெபாசிட் 74,216.67 வரை போகும். ஆக, ஒரே விகிதத்தை இரண்டு இடங்களில் பார்த்தால் கீழே எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒப்பிடக் கூடாது. கடன் வாங்கும்போது இதே வித்தியாசங்கள் நமக்கு எதிராக நிற்கும்.

அப்புறம், சொன்ன முறையை உண்மையிலேயே பின்பற்றுகிறார்களா என்பது தனி விஷயம். நான் டெபாசிட் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் ஆக்சுவல்/ஆக்சுவல் என்று இருந்தது, முதிர்வுச் சீட்டில் வந்த தொகையோ முழுக் காலத்தையும் 366-ஆல் வகுத்த தொகை. லீப் ஆண்டில் முதிர்கிறது, அதனால் 366 என்று அவர்களுடைய மென்பொருள் முதிர்வுத் தேதியை மட்டும் பார்த்து முடிவெடுத்திருக்கிறது. எழுதிக் கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள், ஆனால் கேட்காத மற்றவர்களுக்குத் திருத்தினார்களா என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. மேலே சொன்ன முதல் டெபாசிட்டையே அளவுகோலாக வைத்தால் கண்டுபிடிப்பது சுலபம். 73,050.27 வந்தால் சரியாக வெட்டியிருக்கிறார்கள். 73,200 வந்தால் எல்லாவற்றையும் 365-ஆல் வகுத்திருக்கிறார்கள். உருண்டையாக 73,000 வந்தால் எல்லாவற்றையும் 366-ஆல் வகுத்திருக்கிறார்கள். 73,049.73 என்று அரை ரூபாய் மட்டும் குறைந்து வந்தால் ஆண்டுகளைச் சரியாகப் பிரித்து, போட்ட நாளை விட்டுவிட்டு முதிரும் நாளைச் சேர்த்திருக்கிறார்கள், அதாவது 92, 274 என்பது 91, 275 ஆகியிருக்கிறது. மொத்த நாள் 366-ஆகவே இருப்பதால் நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் இது சிக்காது. தினமும் சேரும் வட்டியைத் திரையில் காட்டும் கணக்கு என்றால் இன்னும் எளிது, ஜனவரி 1-ஆம் தேதிக்கான வரியில் 200.00 என்பது 199.45 ஆக மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நானே கணக்குப் போட்டுச் சரிபார்க்க விரிதாள் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை: எக்செல்லில் இருக்கும் `YEARFRAC`-ஐ 1 என்ற அடிப்படையோடு எழுதினால் அது ஆக்சுவல்/ஆக்சுவல் என்றுதான் பெயர் சொல்லும், ஆனால் டிசம்பர் 31-இல் வெட்டாது. ஒரு வருடத்துக்கு மேற்படாத காலம் என்றால் நடுவில் பிப்ரவரி 29 வருகிறதா என்று பார்த்து முழுக் காலத்துக்கும் ஒரே எண்ணால் வகுத்துவிடும். மேலே உள்ள இரண்டு டெபாசிட்டுக்கும் அது 1 என்றே விடை தரும், அதாவது இரண்டுக்கும் 73,000. ஆக்சுவல்/ஆக்சுவல் என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, கடன் பத்திரங்களுக்குப் புழங்கும் வகை வேறு. நான் இங்கே சொல்வது ஆண்டு எல்லையில் வெட்டும் வகை, ஐ.எஸ்.டி.ஏ. வகை என்று ஆவணங்களில் இருக்கும். அதை நேரடியாக இப்படி எழுதிக்கொள்ளலாம். A2-இல் போட்ட தேதி, B2-இல் முதிரும் தேதி, C2-இல் அசல், D2-இல் விகிதம்:

```
E2: =DATE(YEAR(B2),1,1)
F2: =(E2-A2)/(E2-DATE(YEAR(A2),1,1))
G2: =(B2-E2)/(DATE(YEAR(B2)+1,1,1)-E2)
H2: =C2*D2*(F2+G2)
```

365-ஐயோ 366-ஐயோ எங்கேயும் கையால் எழுதவில்லை, அடுத்த ஜனவரி 1-இலிருந்து இந்த ஜனவரி 1-ஐக் கழித்தால் அந்த ஆண்டின் நீளம் தானாக வந்துவிடும். இது ஒரே ஒரு ஆண்டு எல்லையைத் தாண்டும் டெபாசிட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டு மூன்று எல்லைகளைத் தாண்டினால் F2-ஐ முதல் ஆண்டின் முடிவோடு நிறுத்தி, நடுவில் வரும் முழு ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 1 கூட்ட வேண்டும்.

காலாண்டுக் கூட்டு வட்டி டெபாசிட் என்றால் வெட்டு விழுவது ஒரு காலாண்டின் நடுவில். 2023 நவம்பர் 15 முதல் 2024 பிப்ரவரி 15 வரையான காலாண்டை எடுத்தால் 47 நாள் இந்தப் பக்கம், 45 நாள் அந்தப் பக்கம். வட்டி 9,400-உம் 8,975.41-உம் சேர்ந்து 18,375.41. டிசம்பர் 31 என்பது வகுக்கும் எண் மாறுகிற இடம் மட்டும்தான், அன்றைக்கு வட்டி அசலில் சேராது. சில கணக்குகள் வெட்டிய இடத்திலேயே 9,400-ஐ அசலில் ஏற்றிவிட்டு மிச்சம் 45 நாளை ஓட்டும், அப்போது 84 சொச்சம் கூடுதலாக வரும். நமக்குச் சாதகமாக வந்த பிழை என்று விட்டுவிடத் தோன்றும், ஆனால் அடுத்த தணிக்கையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். அதனால் நான் இதையும் எழுதிக் கேட்பேன்.

இத்தனை சில்லறைக்கு மெனக்கெட வேண்டுமா என்றால், 10,00,000-க்கு ஒரு வருடத்தில் 50 என்பது ஆண்டு வட்டியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொகை சிறிதாக இருந்து, ஒரே ஒரு டெபாசிட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நான் இதைப் பார்க்கச் சொல்ல மாட்டேன். பெரிய தொகையைத் தொடர்ந்து சுழற்றுகிறவர், சங்கத்தின் பணத்தையோ அறக்கட்டளையின் பணத்தையோ வைத்துக் கணக்குக் காட்ட வேண்டியவர், இவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கேட்டில் உள்ள வட்டியும் கைக்கு வந்த வட்டியும் பொருந்தாமல் போவது இந்த இரண்டு வருடங்களில்தான். அடுத்த லீப் ஆண்டு 2028. 2027-இல் போட்டு 2028-இல் முதிரும் டெபாசிட்டுக்கும், 2028-இல் போட்டு 2029-இல் முதிரும் டெபாசிட்டுக்கும் இதே கணக்கு வரும். போடும்போதே இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: டிசம்பர் 31-இல் பிரித்து 365-ஆலும் 366-ஆலும் தனித்தனியாக வகுக்கிறீர்களா, போடும் நாளைச் சேர்த்து முதிரும் நாளை விடுகிறீர்களா.